கடையைத் தூக்கிப் போனால் உயிருரிமை உதவுமா?

*வாசகர் கடிதம்:*

"ஐயா, வணக்கம். எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி தென்னாப்பிரிக்கா வந்தேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். டர்பனுக்கு வடக்கே ஒரு ஊரில், டாக்சி ரேங்க் பக்கத்து நடைபாதையில், அவர் பெயரில் உரிமம் உள்ள சின்னக் கடை வைத்திருக்கிறோம். கற்பூரம், ஊதுபத்தி, வளையல், பூஜைச் சாமான் விற்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் கடையில் இருந்தேன். நகராட்சி ஆட்கள் வந்து உரிமம் யார் பெயரில் என்று கேட்டார்கள். கணவர் பெயரில் என்றதும் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவடிக்காக வாங்கி வைத்த சரக்கு, சுமார் 11,000 ராண்ட் பெறும். என் பெயரில் ஒரு அபராதச் சீட்டு மட்டும் கொடுத்தார்கள். எடுத்துப்போன சாமானுக்குப் பட்டியல் எதுவும் தரவில்லை. ஊரிலிருந்து தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். பிழைப்பும் உயிருரிமைதான், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, நடைபாதைக் கடையை யாரும் தொட முடியாது என்று அதில் ஒருவர் பேசுகிறார். இந்த நாட்டுச் சட்டத்திலும் உயிர் வாழும் உரிமை இருக்கிறதே, அதை வைத்து வழக்குப் போடலாமா? நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், துணைவர் விசாவில் இருக்கிறேன். அதனால் எனக்குப் பேச உரிமை இல்லையா? அபராதத்தைக் கட்டினால் சரக்கைத் தருகிறோம் என்கிறார்கள். கட்டிவிடலாமா?"

*வழக்கறிஞர் பதில்:*

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அபராதத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட சீட்டில் குறித்த தொகையைக் கட்டுவது பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுவதாகவே ஆகிவிடும். நீங்கள் கோர்ட்டில் நின்று குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியதற்குச் சமமாகச் சட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும்போது போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். சில நூறு ராண்டோடு முடிந்தது என்று நினைத்த விஷயம் அங்கே வந்து குறுக்கே நிற்கலாம். அதற்காகச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடவும் கூடாது. அதில் கோர்ட் தேதி ஒன்று இருக்கும். அன்று போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும். அந்தத் தேதிக்கு முன்பே அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு, அதாவது பிராசிக்யூட்டருக்கு, உரிமத்தின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, வழக்கைக் கைவிடும்படி கேட்கலாம். உரிமம் உள்ள கடையில், உரிமக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் மதித்துப் பார்க்கக்கூடிய காரணம்தான்.

சரி, இனி தம்பி அனுப்பிய வீடியோவுக்கு வருவோம்.

அங்கமுத்துவின் வழக்கு

அதில் பேசியவர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். அவர் சொல்வது 1985-ல் இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. ஓல்கா டெல்லிஸ் பம்பாய்ப் பத்திரிகையாளர். அவர் பெயரில் வழக்கு நின்றுவிட்டதால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நடைபாதையில் குடியிருந்தவர்களில் மனுப் போட்ட ஒருவர் நம்மவர். பெயர் அங்கமுத்து, சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. மழை பொய்த்து வேலை இல்லாமல் போனதும் 1961-ல் பம்பாய்க்குப் போனார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய்க் கூலி. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கான்வாஸும் போர்த்திய ஒரு குடிசைக்கு, அந்தப் பகுதியை ஆட்டிவைத்த ரவுடி ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள்.

1981 ஜூலையில் மகாராஷ்டிர முதலமைச்சர், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பிவிடப் போவதாக அறிவித்தார். பத்தே நாளில் அங்கமுத்துவின் குடிசையை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் சேலத்திலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் ஒரு நடைபாதையில் குடியேறினார். வேலை பம்பாயில்தான் இருக்கிறது, வேலைக்குப் பக்கத்தில் தலைசாய்க்க வேறு இடம் இல்லை, ஆகவே நடைபாதையை விட்டுத் துரத்தினால் பிழைப்பும் போகும் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அவர் திரும்பி வந்ததே அதற்குச் சாட்சி.

இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு மிகச் சின்னது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். பிழைப்பு என்ற சொல்லே அதில் கிடையாது. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையைச் சட்டமாக எழுதிவிட்டால் போதும், அது நியாயமா என்று கோர்ட் கேட்காது என்பதுதான் 1950-ல் ஏ.கே. கோபாலன் வழக்கு தந்த பதில். 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் அது மாறியது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். 1981-ல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு. திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஒரு பிரிட்டிஷ் பெண், ஐந்து வயது மகளை மாதம் ஒரு முறைதான் பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்தார். உயிர் என்றால் மூச்சு விடுவது மட்டும் இல்லை, மனித கண்ணியத்தோடு வாழ்வது, அதில் உணவும் உடையும் இருப்பிடமும் அடங்கும் என்று நீதிபதி பகவதி எழுதினார். இப்படி ஒவ்வொரு கல்லாக வைத்த பிறகுதான் 1985 வந்தது. ஒருவனின் பிழைப்பு வழியை முழுக்க அடைத்துவிட்டால் அவன் உயிரை எடுத்ததுபோலத்தான் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார்.

வீடியோ இங்கேதான் நின்றுவிடுகிறது. தீர்ப்பு நிற்கவில்லை.

பிழைப்பு உயிருரிமைக்குள் வருகிறது என்றால், அதைப் பறிக்கவே முடியாது என்று பொருளா? இல்லை என்றுதான் அதே தீர்ப்பு சொன்னது. நடைபாதை நடப்பவர்களுக்கானது, அதை அடைத்துக் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆனால் அகற்றுகிற முறை நியாயமாக இருக்க வேண்டும். பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு, ஆக்கிரமிப்பை நோட்டீஸ் இல்லாமலே ஆணையர் அகற்றலாம் என்றது. அது 'அகற்றலாம்' என்றுதான் சொல்கிறது, 'அகற்றியே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை என்று கோர்ட் படித்தது. ஆகவே ஆணையர் யோசித்து முடிவெடுக்க வேண்டும். வழக்கமாக நோட்டீஸ் கொடுத்து அந்த ஆளைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவசரமான விதிவிலக்கில் மட்டும்தான் நோட்டீஸைத் தவிர்க்கலாம்.

கடைசியில் அங்கமுத்துவுக்கும் மற்றவர்களுக்கும் கிடைத்தது என்ன? மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகும் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது. 1976-ல் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்தவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். மற்றவர்களை அந்தத் தேதிக்குப் பிறகு அகற்றலாம். ஆணையர் கேட்டிருக்க வேண்டியதை நாங்களே இங்கே கேட்டுவிட்டோம் என்று சொல்லி, மறுபடியும் நோட்டீஸுக்கு அனுப்பவும் இல்லை. இது சரியில்லை என்பது என் கருத்து. டில்லியில் வழக்கறிஞர்கள் வாதாடுவதும், தன் குடிசையைப் பற்றி அந்த மனிதரே ஆணையரிடம் சொல்வதும் ஒன்றல்ல.

உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பை வீடியோக்காரர் தொடவே இல்லை. 1989-ல் சோடன் சிங் வழக்கில், நடைபாதை வியாபாரம் செய்வது தொழில் செய்யும் உரிமை, அது 19-ஆம் பிரிவைச் சேர்ந்தது, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அதை 21-ஆம் பிரிவின் உயிருரிமைக்குள் கொண்டுவர மறுத்துவிட்டார்கள். அப்புறம் 2014-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. இப்போது திண்டுக்கல்லில் ஒரு கடையைத் தூக்கினால் எந்த வழக்கறிஞரும் முதலில் எடுப்பது அந்தச் சட்டத்தைத்தான்.

இங்கே ஏன் அந்தக் கதவு திறக்காது

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவில் உயிருரிமை இருக்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் பிழைப்பை அதற்குள் வைத்து வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன். காரணம் டர்பனிலேயே நடந்த ஒரு வழக்கு.

1997-ல் சுப்ரமணி என்ற டர்பன்காரர், வழக்கு ஏடுகளில் சூப்ராமனி, சிறுநீரகம் செயலிழந்து அடிங்டன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கேட்டார். இயந்திரங்கள் போதவில்லை, குணமாகக்கூடியவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்கும்தான் முன்னுரிமை என்று மறுத்துவிட்டார்கள். அவர் தரப்பு இந்தியத் தீர்ப்பு ஒன்றைக் காட்டியது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிகள் வரிசையாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை 21-ஆம் பிரிவை மீறிய செயல் என்று சொல்லி 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுத்தது.

இங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இங்கே அதே வழியில் போக வேண்டியதில்லை என்றது. இந்திய அரசியலமைப்பில் மருத்துவம், இருப்பிடம் போன்றவை கோர்ட்டில் கேட்டுப் பெறும் உரிமைகளாக எழுதப்படவில்லை. அதனால் அங்கே நீதிபதிகள் உயிருரிமையை விரித்தார்கள். இங்கே அவை தனித்தனிப் பிரிவாக எழுதியே இருக்கின்றன. எழுதியிருக்கும்போது அந்தந்தப் பிரிவின் அளவையும் வரம்பையும் பார்க்க வேண்டும், உயிருரிமைக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் பார்வை. அவர் கேட்டது கிடைக்கவில்லை. நம் வட்டாரத்து மனிதர் ஒருவர் உயிருக்காகக் கேட்டுத் தோற்ற வழக்கு அது. உயிருரிமையைப் பற்றிக் கேட்பவர்களிடம் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே உங்கள் கணவர் நிற்க வேண்டிய இடம் வேறு. தொழிலைத் தேர்ந்து செய்யும் உரிமை 22-ஆம் பிரிவில். சொத்தைக் காரணமில்லாமல் பறிக்கக் கூடாது என்பது 25-ல். அரசு எடுக்கும் நடவடிக்கை சட்டப்படியும் நியாயமான முறையிலும் இருக்க வேண்டும் என்பது 33-ல். இவை எல்லாவற்றுக்கும் அடியில் 10-ஆம் பிரிவு, மனித கண்ணியம். 2013-ல் ஜோஹன்னஸ்பர்க் நகர மையத்தில் உரிமம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பாராமல் தெருவோர வியாபாரிகளை மொத்தமாகத் துரத்தியபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களை உடனே திரும்பிப் போய் வியாபாரம் செய்ய விட்டது. அதற்கான காரணங்களை 2014 ஏப்ரலில் எழுதியபோது, அந்த மக்களின் பிழைப்பையும் கண்ணியத்தையும் பிள்ளைகளின் வயிற்றையும் சேர்த்தே பேசியது. பம்பாயில் உயிருரிமை வழியாக வந்த அதே நியாயம் இங்கே கண்ணியம் வழியாக வந்தது.

உங்களுக்கு மிக நெருக்கமானது 2015-ன் மக்விக்கானா தீர்ப்பு. டர்பன் நகராட்சியை எதிர்த்து, உரிமம் வைத்திருந்த ஒரு நடைபாதை வியாபாரி போட்ட வழக்கு. செருப்பு விற்றவர். சரக்கை எடுத்துப் போனார்கள், திரும்பக் கேட்டபோது சரக்கே இல்லை. நீதிபதி தயா பிள்ளை, இப்படிப் பறிக்கவும் அப்புறப்படுத்தவும் அதிகாரம் தந்த விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சொல்லி, சரக்குக்கு நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னார். அபராதம் போட்டால் போதாதா, அன்றாடம் விற்றுச் சாப்பிடுகிறவரின் சரக்கையே எடுப்பது அளவுக்கு மீறியது இல்லையா என்ற கேள்விதான் அந்த வழக்கில் எடை போடப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தீர்ப்பு டர்பன் நகராட்சியின் விதிகளைப் பற்றியது. உங்கள் ஊர் நகராட்சி வேறு, அதன் விதிகளும் வேறு. தீர்ப்பின் காரணங்கள் குவாசுலு-நட்டால் மாகாணம் முழுக்க உங்களுக்குத் துணை நிற்கும், ஆனால் உங்கள் ஊர் விதி தானாகவே செத்துவிடாது. அதனால் சீட்டில் எந்த விதியின் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த விதியின் நகலை நகராட்சியில் கேட்டு வாங்குங்கள். உரிமத்தில் உள்ள நிபந்தனைகளையும் படியுங்கள். உதவியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. விதியில் பறிமுதல் செய்யலாம் என்று இருந்தால், அங்கமுத்து வழக்கில் கேட்ட அதே கேள்வியை நாமும் கேட்கலாம்: செய்யலாம் என்ற அதிகாரத்தை அந்த அதிகாரி யோசித்துப் பயன்படுத்தினாரா, உங்கள் விளக்கத்தைக் கேட்டாரா, பட்டியல் ஏன் தரவில்லை?

உங்கள் பாஸ்போர்ட்

22-ஆம் பிரிவின் தொழிலுரிமை குடிமக்களுக்கு மட்டும். அதனால் வழக்கோ மனுவோ உங்கள் கணவர் பெயரில் போகட்டும். உரிமமும் அவருடையது, சரக்கும் அவருடையது. ஆனால் பேசவே உரிமை இல்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. கண்ணியமும், சொத்தும், நியாயமான நடைமுறையும் 'எல்லோருக்கும்' உரியவை. 2003-ல் வாட்செனூக்கா வழக்கில், அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு வேலையையும் படிப்பையும் ஒரேயடியாகத் தடுத்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. உழைத்து வாழும் சுதந்திரம் கண்ணியத்தின் ஒரு பகுதி, கண்ணியத்துக்குத் தேச எல்லை கிடையாது என்றது. அதே நேரம் வெளிநாட்டவர் வேலையை அரசு கட்டுப்படுத்தலாம் என்பதையும் மறுக்கவில்லை.

அந்தக் கட்டுப்பாடு உங்களைத் தொடுகிறது. துணைவர் விசா என்றாலே வேலை செய்யலாம் என்று பொருள் இல்லை. வேலைக்கோ தொழிலுக்கோ தனி அனுமதி அந்த விசாவில் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல், ஆறு வருஷமாகக் கடையில் விற்று வருகிறேன் என்று நீங்கள் சத்தியக் கடிதத்தில் எழுதினால், அது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம். பொய் எழுதச் சொல்லவில்லை, ஒருபோதும் எழுதாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் விசாவை ஒரு குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். குடிமகனை மணந்து ஐந்து வருஷம் ஆனவர் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு வருஷம் ஆகியும் அதைச் செய்யாமல் இருந்தால், அதையும் அவரிடமே கேளுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியது

முதலில் சரக்குக்கு ஒரு பட்டியல் நீங்களே தயாரியுங்கள். மொத்த வியாபாரியின் ரசீது, போனில் உள்ள கடைப் படங்கள், பக்கத்துக் கடைக்காரர் கண்டது, எல்லாம் சேரட்டும். அதிகாரிகள் பட்டியல் தராத இடத்தில் உங்கள் பட்டியலை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். கணவர் அன்று ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சத்தியக் கடிதத்தை எந்தப் போலீஸ் நிலையத்திலும் காசில்லாமல் உறுதிசெய்து தருவார்கள்.

அடுத்து, இந்த வாரமே கணவர் பெயரில் நகராட்சி மேலாளருக்கு ஒரு கடிதம். அதில் மூன்று கேளுங்கள்: சரக்கைத் திருப்பித் தர வேண்டும், அதுவரை விற்கவோ அழிக்கவோ கூடாது, எடுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணம் கேட்க நிர்வாக நீதிச் சட்டம் தரும் அவகாசம் 90 நாள். நகராட்சி பதில் சொல்லவும் 90 நாள் உண்டு. நடவடிக்கையை ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போவதென்றால் தாமதம் கூடாது, 180 நாள்தான் உச்சவரம்பு. சரக்கு போய்விட்டது, பணமாகத் தாருங்கள் என்று கேட்பதென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவற விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

சரக்கு இன்னும் கிடங்கில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், கைவசம் இருந்ததைச் சட்டமில்லாமல் பறித்தவர் முதலில் திருப்பிக் கொடுக்கட்டும் என்று கேட்கும் அவசர மனு ஒன்று உண்டு. அதில் யார் உரிமையாளர் என்ற விசாரணையே வராது. ஆனால் பொருள் அழிந்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். எடுத்தவர்களிடம் செல்லுபடியாகும் சட்ட அதிகாரம் இருந்தாலும் மூடிவிடும். அதனால்தான் விதியின் நகலை முதலில் வாங்கச் சொன்னேன்.

11,000 ராண்டுக்காகத் தனியார் வழக்கறிஞர் வைத்து உயர் நீதிமன்றம் போனால் செலவு சரக்கின் விலையைத் தாண்டிவிடும். டர்பனில் உள்ள லீகல் ரிசோர்சஸ் சென்டர் மக்விக்கானாவுக்காக நின்ற அமைப்பு. லீகல் எய்ட் அலுவலகமும் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. கடிதத்தின் நகல், அபராதச் சீட்டு, உரிமம், உங்கள் பட்டியல், நான்கையும் எடுத்துக்கொண்டு கணவரோடு நேரில் போங்கள். நகராட்சியில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் வாங்கியவரின் பெயர், தேதி, முத்திரை மூன்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.